மே மாதம் ஐந்து மணி நேரம், மார்கழியில் பத்து: தயிர் உறைவது இப்படித்தான்

தனிக்குடித்தனம் வந்த முதல் வருடம் மே மாதத்தில், இரவு பத்து மணிக்கு உறை ஊற்றி வைத்தேன். காலை ஆறு மணிக்குத் திறந்தால் தயிரின் மேல் மஞ்சளாகத் தண்ணீர் நின்றது. வாயில் வைத்தால் பல் கூசும் புளிப்பு. உறைமோரைப் பாதியாகக் குறைத்தேன், மறுநாளும் அதே கதை. ஏன் என்று புரிய, பாலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அரை லிட்டர் பாலை வைத்தே பார்ப்போம்.

1. காய்ச்சுவது

பால் பொங்கியதும் அடுப்பைச் சிறிதாக்கி, இன்னும் ஐந்து நிமிடம் கிளறியபடி காய விடுங்கள். கிருமி சாவதற்கு மட்டுமல்ல இது. பாலில் கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. நன்றாகக் காய்ந்த பாலில் மற்ற புரதங்கள் சுருள் அவிழ்ந்து அந்த உருண்டைகளில் ஒட்டிக்கொள்ளும். தயிர் கெட்டியாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2. ஆறவிடுவது

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். சுத்தமான சுண்டுவிரலைப் பாலில் வைத்துப் பத்து எண்ணுங்கள். வெதுவெதுப்பாக, சுடாமல் இருந்தால் ஏறக்குறைய 40 டிகிரி, அதுதான் பதம். நான்கு எண்ணுவதற்குள் விரலை எடுக்கத் தோன்றினால் பொறுங்கள். 50 டிகிரிக்கு மேல் போகப் போக, உறைமோரில் இருக்கும் பாக்டீரியா சாகத் தொடங்கும். மறுநாள் நீங்கள் பார்ப்பது உறையாத பாலாகத்தான் இருக்கும்.

3. உறை ஊற்றுவது

புளிக்காத தயிர் ஒரு டீஸ்பூன் எடுத்து, கட்டியில்லாமல் அடித்து, பாலில் கலந்து மூடுங்கள். அதற்கப்புறம் பாத்திரத்தை ஆட்டவே கூடாது.

அந்த ஒரு ஸ்பூனில் லாக்டிக் அமில பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. கேசின் உருண்டைகளின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால், அதுவரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதந்தன. அமிலம் ஏற ஏற அந்த மின்னூட்டம் தணிகிறது. உருண்டைகளுக்குள் இருக்கும் கால்சியமும் கரைந்து வெளியேறுகிறது. புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவான பி.ஹெச்., பாலில் 6.6-லிருந்து 4.6 பக்கம் வரும்போது தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உருண்டைகள் ஒட்டிச் சங்கிலியாகி வலை பின்னிக்கொள்கின்றன. பாலிலிருந்த தண்ணீர் முழுக்க அந்த வலைக்குள் சிக்கி நிற்பதுதான் தயிர். பாதி பின்னிய வலையை ஆட்டினால் அறுந்து தண்ணீர் கசியும்.

4. வெயிலும் குளிரும்

இந்த பாக்டீரியா ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுபவை. அடுக்களை 36 டிகிரியில் இருக்கும் மே மாதத்தில் ஒரு முறை இரட்டிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் போதும். 22 டிகிரி மார்கழி இரவில் பால் ஆறிய பிறகு, அதற்கே இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். சூட்டில் நொதிகள் வேகமாக வேலை செய்வதால் அமிலமும் சீக்கிரம் சேரும்.

என் கணக்கு எங்கே தப்பியது? உறைமோரைப் பாதியாக்கினால், குறைந்ததை ஈடுகட்ட பாக்டீரியா ஒரே ஒரு முறை கூடுதலாக இரட்டித்தால் போதும். மே மாதத்தில் அதற்கு அரை மணி நேரம். எட்டு மணி நேர இரவில் அது எம்மாத்திரம்? மார்கழியில் அதே பாதி இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஆக, குளிரில் தாராளமாக இரண்டு ஸ்பூன் விடுங்கள், பலன் தெரியும். வெயிலில் ஸ்பூனைக் குறைப்பதைவிட நேரத்தைக் குறையுங்கள். நான் இப்போது கோடையில் காலை ஆறு மணிக்கு உறை ஊற்றி, பதினொரு மணிக்கு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன்.

குளிர்காலத்தில் பாத்திரத்தைத் துண்டால் சுற்றி, காய்கறி போடும் ஹாட்பாக்ஸுக்குள் வைப்பதுண்டு. சூடு தங்கினால் பத்து மணி நேரம் எட்டாகும். சில நாள் தயிர் நூல் போல இழுக்கும். குறைந்த சூட்டில் சில பாக்டீரியா வழவழப்பான ஒரு பசையை உண்டாக்குவதால் வருவது அது. அந்தத் தயிரிலிருந்து அடுத்த நாளுக்கு உறை எடுக்காதீர்கள், வழவழப்பு தொடரும்.

5. எப்போது நிறுத்துவது

பாத்திரத்தை லேசாகச் சாயுங்கள். பால் ஓடாமல், தயிர் ஓரத்திலிருந்து ஒரே கட்டியாக விலகினால் உறைந்துவிட்டது. உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். அங்கே பாக்டீரியா சாவதில்லை, மந்தமாகிவிடும். அதனால்தான் நான்காம் நாள் தயிர் கொஞ்சம் புளிக்கிறது. மணி பார்த்தும் உறையவில்லை என்றால், கெட்ட வாடை இல்லாதவரை, பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். வாடையோ கசப்போ இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.