எம்.கே.வி.யை எம்.பி.4 ஆக்கினேன், ஒரு எம்.பி. கூடக் குறையவில்லை

பெங்களூரு அல்சூரில் அக்கா வீட்டிலிருந்தே கணக்கு வகுப்பு எடுக்கிறாள். லேப்டாப்பில் மிச்சம் 40 ஜி.பி. ஒரு மணி நேர வகுப்பின் வீடியோ பதிவு 2.7 ஜி.பி. பிடித்தது. அளவு குறையுமா என்று நான் எம்.கே.வி.யை எம்.பி.4 ஆக்கிப் பார்த்தேன்:

```
ffmpeg -i class.mkv -c copy class.mp4
```

நொடிகளில் முடிந்தது, அளவோ அப்படியே. எம்.கே.வி., எம்.பி.4 என்ற கன்டெய்னர் வெறும் டப்பாதானே, சாம்பாரை வேறு டப்பாவுக்கு மாற்றினால் குறையுமா?

அப்புறம் வீடியோவைச் சுருக்கும் முறையான கோடெக்கை எச்.264-லிருந்து எச்.265-க்கு மாற்றினேன். அதே 2.7 ஜி.பி.! பதிவு செய்யும் ஓ.பி.எஸ். மென்பொருளில் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்பதை, 6000 கே.பி.பி.எஸ். என்று நிலையாக வைத்திருந்தேன். 6000-ஐ 3600 நொடியால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் அதே கணக்கு வருகிறது. நல்ல கோடெக் குறைந்த பிட்ரேட்டில் தெளிவு தரும். பிட்ரேட்டை நாம்தான் குறைக்க வேண்டும்.

1000-க்கு இறக்கினேன். ஸ்லைடு அதிகம் அசையாததால் எழுத்து தெளிவாகவே இருந்தது. பக்கம் மாறும்போது மட்டும் ஒரு கணம் மங்கியது. ஒலியோடு ஏறக்குறைய 480 எம்.பி. 500-இல் சின்ன அடுக்குக்குறிகள் கரைந்துவிட்டன, வேண்டாம்.

பதிவை மட்டும் எம்.கே.வி.யிலேயே விட்டேன். பாதியில் கரண்ட் போனால் சாதாரண எம்.பி.4 பெரும்பாலும் திறக்காது; எம்.கே.வி. அதுவரை பதிவானதைக் காட்டும்.