உறையாமல் காத்திருக்கும் நீர்: உப்பும் பனிக்கட்டியும் கொண்டு ஒரு செய்முறை

நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் 0 டிகிரி என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை மட்டுமே. உறையத் தொடங்குவதற்கு நீருக்கு இன்னொன்றும் தேவைப்படுகிறது. அது கிடைக்காதவரை −5, −6 டிகிரியிலும் நீர் திரவமாகவே இருக்கும். இப்படி உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீரை மீக்குளிர் நீர் என்கிறோம். அதை ஒரு சோதனைக் குழாயில் உருவாக்கி, வெப்பமானியை வைத்துக் கண்காணித்து, நாம் விரும்பும் நொடியில் உறைய வைப்பதுதான் இந்தச் செய்முறை.

தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, மேசையில் தட்டி உறைய வைக்கும் காணொளிகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைவிட இந்த முறையையே நான் பரிந்துரைக்கிறேன். பாட்டிலுக்குள் என்ன வெப்பநிலை என்று நமக்குத் தெரியாது. எது உறைதலைத் தொடங்கியது என்றும் தெரியாது. குழாயில் இரண்டும் கண்முன்னே தெரியும்.

தேவையானவை

மூன்று சோதனைக் குழாய்கள், காய்ச்சி வடித்த நீர், நொறுக்கிய பனிக்கட்டி சுமார் ஒரு கிலோ, சாதாரண உப்பு, −10 டிகிரி வரை காட்டும் வெப்பமானி இரண்டு, ஒரு ஊசி, வாய் அகன்ற பாத்திரம் ஒன்று. குழாய்களில் கீறல் இருக்கக் கூடாது. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

படி 1: குளிர்த்தொட்டி

பாத்திரத்தில் பனிக்கட்டியைப் போட்டு, 200 மில்லிலிட்டர் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். அதில் சுமார் 50 கிராம் உப்பைச் சேர்த்து நன்றாகக் கிளறி, வெப்பமானியைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு தேக்கரண்டியாக உப்பைக் கூட்டிக்கொண்டே போய், −8 டிகிரி வந்ததும் நிறுத்திவிடுங்கள். உப்பு பனிக்கட்டியின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகும் பனிக்கட்டி தனக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்வதால் தொட்டி குளிர்கிறது. உப்பை அளவில்லாமல் கொட்டினால் தொட்டி −20 டிகிரியை நெருங்கிவிடும். அவ்வளவு குளிரில் குழாய் நீர் நாம் தயாராகும் முன்பே தானாக உறைந்துவிடும். எனவே இங்கே பொறுமை தேவை. பனிக்கட்டி உருக உருக உப்புக் கரைசல் நீர்த்துத் தொட்டி மெல்லச் சூடேறும். அப்போது கொஞ்சம் பனிக்கட்டியும் உப்பும் சேர்த்து −8-க்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

படி 2: குழாயை நிரப்புதல்

குழாய்களை நன்றாகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை அலசுங்கள். ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் நீரை, உட்சுவரில் துளிகள் ஒட்டாதபடி அடியில் விடுங்கள். சுவரில் ஒட்டிய சிறு துளி முதலில் உறைந்து கீழே நழுவினால் சோதனை அங்கேயே முடிந்துவிடும். துடைத்த வெப்பமானி ஒன்றைத் தொடக்கத்திலேயே நீருக்குள் வைத்துவிடுங்கள், பாதியில் நுழைக்க வேண்டாம். வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடினால் தூசியும் உப்புநீர்த் தெறிப்பும் உள்ளே போகாது.

படி 3: காத்திருத்தல்

குழாயைத் தொட்டியில் செங்குத்தாக நிறுத்துங்கள். வெப்பநிலை வேகமாக இறங்கி 0 டிகிரியைத் தொடும். அங்கே நிற்காமல் −1, −2 என்று மேலும் இறங்கும். தொட்டியின் வெப்பநிலையை நெருங்க நெருங்க வேகம் குறையும். −6 டிகிரி வர ஏறத்தாழக் கால்மணி நேரம் ஆகலாம். குழாயைப் பார்த்தால் உள்ளே தெளிந்த நீர்தான், எந்த அடையாளமும் இல்லை. முதல்முறை செய்பவர்கள் வெப்பமானி பழுதோ என்று சந்தேகப்படுவது இங்கேதான். சந்தேகம் தீர, அதைத் தனியாகப் பனிக்கட்டியும் நீரும் கலந்த கோப்பையில் வைத்துப் பாருங்கள், 0 காட்ட வேண்டும்.

ஏன் உறையவில்லை?

நீரில் மூலக்கூறுகள் ஓயாமல் சேர்ந்தும் பிரிந்தும் கொண்டிருக்கின்றன. தற்செயலாகச் சில மூலக்கூறுகள் பனிக்கட்டியின் அடுக்கமைப்பில் ஒன்றுகூடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படிகமாகின்றன. உறைநிலைக்குக் கீழே, படிகத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளுக்கு அந்த நிலை லாபம். ஆனால் படிகத்துக்கும் நீருக்கும் இடையே ஒரு மேற்பரப்பு உருவாகிறது. அதை உருவாக்க ஆற்றல் செலவாகிறது. படிகம் மிகச் சிறியதாக இருக்கும்போது அதன் மூலக்கூறுகளில் பெரும்பங்கு மேற்பரப்பில்தான் இருக்கும். செலவு வரவை மிஞ்சுவதால் படிகம் கரைந்துபோகிறது. குறிப்பிட்ட ஓர் அளவைத் தாண்டிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. அதன்பின் சேரும் ஒவ்வொரு மூலக்கூறும் லாபம், படிகம் நிற்காமல் வளரும். வளரக்கூடிய அந்த முதல் துணுக்கை உட்கரு என்றும், அது உருவாவதை உட்கருவாக்கம் என்றும் சொல்கிறோம்.

−6 டிகிரியில் அந்த எல்லை சுமார் 9 நானோமீட்டர் ஆரம். ஒரு லட்சத்துக்கு அருகில் மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் சரியான ஒழுங்கில் சேர்ந்தால்தான் அந்த அளவு வரும். அது தற்செயலாக நிகழும் என்று எத்தனை காலம் காத்திருந்தாலும் பயனில்லை. குளிர் கூடக் கூட இந்த எல்லை சுருங்குகிறது. −3 டிகிரியில் இதைப்போல் இரு மடங்கு, −12-இல் பாதி. மிகத் தூய்மையான நுண்துளிகளில், −38 டிகிரியை நெருங்கும்போதுதான் வெளியுதவி இல்லாமலே உட்கரு தோன்றுகிறது.

அப்படியானால் சாதாரண நீர் ஏன் −2, −3 டிகிரியிலேயே உறைந்துவிடுகிறது? தூசித் துகள், கண்ணாடியின் கீறல், சில நுண்ணுயிர்களின் மேலுறை ஆகியவை மூலக்கூறுகள் ஒழுங்காக ஒட்டிக்கொள்ள ஒரு தளம் தருகின்றன. முழு உருண்டையாக உருவாக வேண்டிய உட்கரு, அந்தத் தளத்தின்மேல் சிறு தொப்பிபோல உருவானாலே போதும். செலவு பெருமளவு குறைந்துவிடுகிறது. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா இதில் மிகக் கெட்டிக்காரம், −2 டிகிரி அளவிலேயே நீரை உறைய வைத்துவிடும். செயற்கை மழைக்கு மேகத்தில் தூவப்படும் சில்வர் அயோடைடும் இதே வேலையைச் செய்கிறது. அதன் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்போடு நெருங்கிப் பொருந்துகிறது. குழாயை அவ்வளவு கவனமாகக் கழுவச் சொன்னதற்கும் கீறல் வேண்டாம் என்றதற்கும் காரணம் இதுதான்.

படி 4: ஒரே ஊசி, இரண்டு தொடுதல்கள்

குழாய் −6 டிகிரியில் இருக்கும்போது முதலில் அதை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அடுத்து, சுத்தமான உலர்ந்த ஊசியின் நுனியால் நீரின் மேற்பரப்பைத் தொடுங்கள். இப்போதும் அநேகமாக நீர் அப்படியே இருக்கும். பிறகு அதே ஊசியின் நுனியைத் தூய பனிக்கட்டி ஒன்றில் உரசி, ஒரு சிறு பொடி ஒட்டியிருக்கும்போதே மறுபடி தொடுங்கள்.

தொட்ட இடத்திலிருந்து வெண்மையான ஊசிகளும் தகடுகளும் கிளைத்துக் கீழே ஓடும். சில நொடிகளில் குழாய் முழுவதும் மங்கிவிடும். பனிக்கட்டிப் பொடி எவ்வளவு சிறியதானாலும் 9 நானோமீட்டரோடு ஒப்பிட்டால் மலை. எல்லையைத் தாண்டிய உட்கருவை நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

குலுக்குவதால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன என்று ஒரு விளக்கம் உலவுகிறது. அது தவறு. மெதுவாகச் சுழற்றியபோது உறையாததே அதற்குச் சாட்சி. பாட்டிலை மேசையில் ஓங்கித் தட்டும்போது நடப்பது வேறு. நீருக்குள் நொடிப்பொழுது நுண்குமிழிகள் தோன்றி நொறுங்குகின்றன. நொறுங்கும் இடத்தில் அழுத்தம் மிகப் பெரிதாக எழுந்து, அங்கே உட்கரு பிறக்கிறது. இல்லையென்றால் பாட்டிலின் கழுத்தில் ஒட்டியிருந்த பனித்துகளின்மீது நீர் அலம்புகிறது.

இந்தக் குழப்பம் பழையது. வெப்பமானிக்குப் பெயர்போன ஃபாரன்ஹீட் 1721-இல், காற்று நீக்கி மூடிய கண்ணாடிக் குமிழில் மழைநீரை ஓர் இரவு முழுவதும் குளிரில் வைத்திருந்தார். 15 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் −9 டிகிரி செல்சியஸில் நீர் உறையாமல் இருந்தது. குமிழின் முனையை உடைத்ததும் உறைந்தது. காற்று நுழைந்ததுதான் காரணம் என்று எண்ணினார். பிறகு ஒருமுறை குமிழைக் கையில் எடுத்துப் போகும்போது படிக்கட்டில் தடுமாற, காற்றே நுழையாமல் அந்த அதிர்ச்சியிலேயே நீர் உறைந்துவிட்டது. முதல் முடிவை அவர் கைவிட வேண்டியதாயிற்று.

படி 5: வெப்பமானியைப் பாருங்கள்

நீர் உறையும் அந்த நொடியில் கண்கள் படிகங்களின் மேலேயே இருக்கும். ஆனால் இந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி வெப்பமானியில்தான் இருக்கிறது. −6 காட்டியது விறுவிறுவென்று மேலேறி 0-வில் வந்து நிற்கும். உறைந்ததும் நீர் சூடாகிவிட்டது.

ஒரு கிராம் நீர் உறையும்போது 334 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளியாகிறது. 10 கிராம் நீரை −6-இலிருந்து 0-க்கு உயர்த்த வேண்டிய வெப்பம்:

```
10 × 4.2 × 6 = 252 J
252 / 334 ≈ 0.75 g
```

அதாவது முக்கால் கிராம் உறைந்தாலே முழுக் குழாயும் 0 டிகிரிக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் உறைய, வெளியாகும் வெப்பத்தைக் குளிர்த்தொட்டி எடுத்துக்கொண்டாக வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே "ஒரே நொடியில் நீர் முழுவதும் உறைந்தது" என்று நமக்குத் தோன்றுவதில் 7 அல்லது 8 சதவீதமே பனிக்கட்டி. மெல்லிய தகடுகளாக எங்கும் பரவியிருப்பதால் முழுவதும் உறைந்ததுபோல் தெரிகிறது. குழாயைச் சாய்த்துப் பாருங்கள், கூழ்போல் நகரும்.

இந்தக் கட்டத்தில் குழாயை வெளியே எடுத்துவிடுங்கள். முழுவதும் உறையவிட்டால் பனிக்கட்டி விரிந்து கண்ணாடியை உடைக்கலாம்.

முன்கூட்டியே உறைந்துவிட்டால்

மூன்று குழாய்களில் ஒன்றாவது −3 அல்லது −4 டிகிரியில் தானாக உறைந்துவிடுவது சகஜம். அது நடந்ததை வெப்பமானி திடீரென்று 0-க்குத் தாவுவதிலிருந்து அறியலாம். எங்கிருந்து தொடங்கியது என்று கவனியுங்கள். மேலிருந்து என்றால் சுவர்த்துளியோ விழுந்த தூசியோ இருக்கலாம். வெப்பமானியின் நுனியிலிருந்து என்றால் அதைத் துடைக்க வேண்டும். வெப்பநிலை 0-விலேயே நின்று கீழே இறங்கவே இல்லை என்றால், உள்ளே ஏற்கெனவே பனிக்கட்டித் துகள் இருக்கிறது.

உறைந்த குழாயை முழுவதும் உருகவிட்டு, அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, அதே நீரோடு மறுபடி குளிர வையுங்கள். இம்முறை எதையும் தொடாமல், தானாக உறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறை செய்தால், ஒவ்வொரு குழாயும் பெரும்பாலும் தனக்கென்று ஓர் எண்ணை ஒட்டியே உறைவதைக் காண்பீர்கள். ஒன்று −4-ஐ ஒட்டியும் இன்னொன்று −7-ஐ ஒட்டியும் இருக்கலாம். ஒவ்வொரு குழாயிலும் ஏதோ ஒரு துகளோ கீறலோ ஒவ்வொரு முறையும் முதல் ஆளாக வேலையைத் தொடங்கிவைக்கிறது. −4-இல் உறையும் குழாயின் நீரை வடிகட்டி மாற்றிப் பாருங்கள். எண் கீழே போனால் குற்றவாளி நீரில் இருந்தது. மாறாவிட்டால் கண்ணாடியில் தேடுங்கள்.