ஆய்வுக் கட்டுரையில் யார் ஆசிரியர், யாருக்கு நன்றி: முதல் கட்டுரை எழுதுவோருக்கான செய்முறை

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் நாளில்தான் பல குழுக்களில் பெயர்ப் பட்டியல் பற்றிய பேச்சே எழுகிறது. அதற்குள் யார் என்ன செய்தார் என்பது பாதி மறந்துபோயிருக்கும். பதவியில் பெரியவர் பெயர் தானாக ஏறிவிடும், வெயிலில் அலைந்து தரவு எடுத்தவர் பெயர் நன்றிக் குறிப்பின் கடைசி வரிக்குப் போய்விடும். இதைத் தவிர்க்க ஒரு வரிசை முறை இருக்கிறது. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு (ஐசிஎம்ஜேஇ) வகுத்த நான்கு நிபந்தனைகள்தான் அதன் அடித்தளம். மருத்துவத்துக்கு வெளியிலும் பல ஆய்விதழ்கள் இவற்றையே பின்பற்றுகின்றன.

அந்த நான்கு:

1. ஆய்வின் கருத்தாக்கத்திலோ வடிவமைப்பிலோ, அல்லது தரவைத் திரட்டுவதிலோ, பகுப்பாய்வதிலோ, பொருள் காண்பதிலோ கணிசமான பங்களிப்பு.
2. வரைவை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கம் மேம்படும்படி ஆழ்ந்து படித்துத் திருத்தியிருக்க வேண்டும்.
3. வெளியாகப்போகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல்.
4. கட்டுரையின் துல்லியம், நேர்மை பற்றிக் கேள்வி எழுந்தால் அது விசாரிக்கப்பட்டுத் தீர்க்கப்படுவதற்குப் பொறுப்பேற்கச் சம்மதம்.

நான்கும் சேர்ந்து இருந்தால் ஆசிரியர். ஒன்று குறைந்தாலும் இடம் நன்றிக் குறிப்பில். நான்காவது நிபந்தனை 2013-இல் சேர்க்கப்பட்டது. அதனால் பழைய வழிகாட்டிகளில் மூன்று மட்டும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

விதி எளிது, பயன்படுத்தும்போதுதான் சிக்கல். எனவே ஒரு கற்பனை ஆய்வை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். இரவுப் பணி செய்யும் செவிலியர் 240 பேர். அவர்களின் தூக்க நேரத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்பது கேள்வி. ஒவ்வொருவருக்கும் மூன்று நாட்கள் ரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது. வேலையில் இருந்தவர்கள் ஏழு பேர்: முதுநிலை மாணவி, அவருடைய வழிகாட்டி, புள்ளியியலாளர், நேர்காணல் எடுத்த இருவர், துறைத் தலைவர், மொழி திருத்தியவர்.

படி 1: பெயரை விட்டுவிட்டு வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் இடப்பக்கம் வேலைகள், வலப்பக்கம் அதைச் செய்தவர். "உதவினார்", "ஆலோசனை சொன்னார்" போன்ற சொற்களைத் தவிருங்கள். அவற்றுக்குள் எதையும் ஒளித்துவைக்கலாம். "கேள்வித்தாளின் முதல் வரைவை எழுதினார்", "720 அளவீடுகளைக் கணினியில் பதிந்தார்" என்று செய்ததை வினையாக எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் கிரெடிட் என்னும் 14 வகைப் பங்களிப்புப் பட்டியல் உதவும். கருத்தாக்கம், முறையியல், மென்பொருள், தரவுப் பராமரிப்பு, நிதி பெறுதல், முதல் வரைவு எழுதுதல் என்று அது பிரித்துத் தருகிறது. ஆனால் அது பங்களிப்பை விவரிக்கும் பட்டியல் மட்டுமே. அதில் ஒரு வகை கிடைத்துவிட்டதால் ஒருவர் ஆசிரியர் ஆகிவிட மாட்டார்.

இந்தத் தாளை ஆய்வு தொடங்கும்போதே திறந்து, வேலை மாறும்போதெல்லாம் புதுப்பித்து, குழுவில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைப்பது நல்லது.

படி 2: முதல் நிபந்தனையை மட்டும் கொண்டு பாருங்கள்

மற்ற மூன்றையும் இப்போது தொடாதீர்கள். காரணம் அடுத்த படியில் புரியும்.

மாணவி கேள்வியை உருவாக்கினார், தரவைத் தொகுத்தார். ஐயமே இல்லை. வழிகாட்டி, பகல் பணிக் குழு ஒன்றையும் ஒப்பீட்டுக்குச் சேர்க்கலாமா என்று ஆராய்ந்து, அது ஏன் வேண்டாம் என்று முடிவெடுத்து, யாரைச் சேர்ப்பது யாரை விலக்குவது என்ற வரையறையை எழுதினார். அது வடிவமைப்பு வேலை, அவரும் தேறுகிறார். கவனிக்க: அவர் தேறுவது இந்த வேலையால்தான், வழிகாட்டி என்ற பதவியால் அல்ல. ஆய்வுக்குழுவைப் பொதுவாக மேற்பார்வை செய்வது மட்டும் ஆசிரியராகப் போதாது.

துறைத் தலைவர் நிதி பெற்றுத் தந்தார், அறை ஒதுக்கினார், அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டார். இவை இல்லாமல் ஆய்வே நடந்திருக்காது. ஆனாலும் நிதி பெறுவது மட்டும் ஆசிரியர் தகுதி தராது என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. மொழி திருத்தியவருக்கும் இதே நிலைதான். இருவரும் நன்றிக் குறிப்புக்கு உரியவர்கள்.

இனி கடினமானவர்கள். புள்ளியியலாளர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்து விடை மாறும். மாணவி கேட்ட சோதனையை மென்பொருளில் ஓட்டி எண்ணை அனுப்பியிருந்தால், அது தொழில்நுட்ப உதவி. இந்த ஆய்வில் நடந்தது வேறு. 240 பேரிடம் மும்முறை எடுத்ததால் 720 அளவீடுகள். அவற்றை 720 தனித்தனி ஆட்களின் அளவீடுகள்போல் எடுத்துக்கொண்டு மாணவி கணக்கிட்டிருந்தார். ஒரே ஆளின் மூன்று அளவீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் முடிவு உண்மையில் இருப்பதைவிட உறுதியானதாகத் தெரியும். புள்ளியியலாளர் இதைக் கண்டுபிடித்து, ஒரே ஆளின் அளவீடுகளுக்குள் உள்ள ஒற்றுமையைத் தனியாகக் கணக்கிடும் புள்ளியியல் மாதிரியைத் தேர்ந்தெடுத்து, அதன் முடிவு என்ன சொல்கிறது என்றும் விளக்கினார். கட்டுரை எதைச் சொல்லலாம் என்பதையே அவர் மாற்றிவிட்டார். முதல் நிபந்தனையில் தேறுகிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தாரா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை.

நேர்காணல் எடுத்த இருவரும் ஆளுக்கு 120 பேரைச் சந்தித்தார்கள். ஒருவர், தன்னிடம் கொடுத்த கேள்வித்தாளை அப்படியே நிரப்பினார். மற்றவர் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தார்: "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில்கள் தாறுமாறாக வந்தன. இரவுப் பணி முடித்தவர்கள் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இரண்டாகத் தூங்குகிறார்கள். சிலர் இரண்டையும் கூட்டிச் சொன்னார்கள், சிலர் நீண்டதை மட்டும் சொன்னார்கள். அவர் கேள்வியைப் பணி முடிந்த நேரத்திலிருந்து அடுத்த பணி தொடங்கும்வரை என்று மாற்றி, ஒவ்வொரு தூக்கத்தையும் தனியாகக் குறிக்கும் கட்டத்தைச் சேர்த்தார். ஆய்வின் முக்கிய அளவீடே அவர் கையில் உருவானது. அவர் முதல் நிபந்தனையில் தேறுகிறார் என்பதே எங்கள் முடிவு. முதலாமவர்? தரவு திரட்டுவதும் முதல் நிபந்தனையில் இருக்கிறது, ஆனால் "கணிசமான" என்பதற்கு விதி அளவுகோல் தரவில்லை. பிறர் வகுத்த முறைப்படி, முடிவெடுக்க இடமில்லாமல் செய்த வேலையை நன்றிக் குறிப்பில் சேர்ப்பது பொது வழக்கம். உங்கள் குழு வேறாக முடிவெடுத்தால் காரணத்தைத் தாளில் எழுதிவையுங்கள்.

படி 3: தேறிய எல்லோருக்கும் வரைவை அனுப்புங்கள்

பெரும்பாலான அநியாயம் நடப்பது இந்த இடத்தில்தான். நேர்காணல் எடுத்தவருக்கு வரைவையே காட்டாமல் இருந்துவிட்டு, "அவர் எழுதவில்லை, இரண்டாம் நிபந்தனை நிறைவேறவில்லை, எனவே ஆசிரியர் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். விதி இதைத் தடுக்கிறது: முதல் நிபந்தனையில் தேறிய ஒவ்வொருவருக்கும் எழுத, திருத்த, ஒப்புதல் தர வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வாய்ப்பை மறுத்து ஒருவரை நீக்குவதற்காக இந்த நிபந்தனைகள் எழுதப்படவில்லை.

மின்னஞ்சலை இப்படி எழுதலாம்:

> வணக்கம். வரைவை இணைத்துள்ளேன். கேள்வித்தாளைத் திருத்தியது தாங்கள் என்பதால் தங்களை இணை ஆசிரியராகச் சேர்க்க விரும்புகிறோம். முறையியல் பகுதியின் மூன்றாம் பத்தியில் தூக்கத்தை அளந்த விதம் சரியாகச் சொல்லப்பட்டுள்ளதா, விவாதப் பகுதியில் அந்த அளவீட்டின் குறைகள் விடுபட்டுள்ளனவா என்று பார்த்து இரண்டு வாரத்துக்குள் எழுதுங்கள். ஆசிரியராக இருக்க விருப்பமில்லையெனில் அதையும் தெரிவியுங்கள்.

எந்தப் பகுதி, எதைப் பார்க்க வேண்டும், எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. "பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் அனுப்பினால் "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி வரும். அது இரண்டாம் நிபந்தனைக்குப் போதாது. கட்டுரை வேறு மொழியில் இருந்து அவருக்குப் படிப்பது கடினமென்றால், அவர் பகுதியை உட்கார்ந்து விளக்கி, அவர் சொல்லும் திருத்தத்தைப் பதிவு செய்யுங்கள். மறுபக்கம், துறைத் தலைவர் வரைவை வாங்கி நான்கு இடங்களில் பிழை திருத்தித் தந்தாலும் நிலை மாறாது. முதல் நிபந்தனை இல்லாதவருக்கு இரண்டாவது மட்டும் உதவாது.

படி 4: ஒப்புதலையும் பொறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்

அனுப்பப்போகும் அதே கோப்பை எல்லோருக்கும் அனுப்பி, "இந்த வடிவத்தை ஒப்புகிறேன், ஆசிரியராகப் பொறுப்பேற்கிறேன்" என்று பதில் பெறுங்கள். பொறுப்பு என்றதும் புதியவர்கள் அஞ்சுவது உண்டு. புள்ளியியல் மாதிரியின் கணக்கை நேர்காணல் எடுத்தவர் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதி யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதைச் செய்தவர்மீது நம்பிக்கை இருக்க வேண்டும், அட்டவணையில் 238 பேரும் உரையில் 240 பேரும் இருப்பதாக யாராவது எழுதினால் அதற்கு விடை கிடைக்கும்வரை ஒதுங்காமல் நிற்க வேண்டும்.

பெயர் வரிசையை இந்தக் கட்டத்திலேயே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். கணிதம் போன்ற துறைகளில் அகர வரிசை வழக்கம் என்பதால் உங்கள் துறையின் வழக்கத்தை முதலில் பாருங்கள்.

படி 5: நன்றிக் குறிப்பு

இதிலும் வேலையைச் சொல்லுங்கள்:

> செவிலியர் 120 பேரிடம் நேர்காணல் எடுத்த (பெயர்), மொழி திருத்திய (பெயர்), நிதி பெறவும் இடம் ஒதுக்கவும் உதவிய துறைத் தலைவர் (பெயர்) ஆகியோருக்கு நன்றி.

பெயர் போடும் முன் அவர்களிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். நன்றி சொல்ல அனுமதியா என்று தோன்றலாம். "புள்ளியியல் ஆலோசனைக்கு நன்றி" என்று ஒரு பெயரைப் பார்க்கும் வாசகர், அந்த நிபுணர் கணக்கை ஏற்றுக்கொண்டார் என்றே எடுத்துக்கொள்வார். அவர் சொன்னதை நீங்கள் பின்பற்றாமலே விட்டிருக்கலாம். அனுமதி கேட்கும்போது அந்த வாக்கியத்தையும் கட்டுரையையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பெயரை விட்டு வேலையை மட்டும் குறிப்பிடுங்கள்.

அனுப்பிய பிறகு பெயர் மாறினால்

ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமென்றால் ஆய்விதழ் காரணம் கேட்கும். சேர்பவர், நீங்குபவர் உட்பட எல்லா ஆசிரியர்களின் எழுத்துச் சம்மதத்தையும் கேட்கும். ஒருவர் மறுத்தாலும் கட்டுரை நின்றுவிடலாம். யார் சொல்வது நியாயம் என்று ஆய்விதழின் ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், உங்கள் நிறுவனத்திடமே திருப்பி அனுப்புவார். அங்கே காட்டுவதற்கு முதல் படியில் எழுதிய தாளும், மூன்றாம் படியில் அனுப்பிய மின்னஞ்சலும், அதற்கு வந்த பதில்களும் தேதியோடு உங்களிடம் இருக்க வேண்டும்.