பருப்ப நிறுத்தினேன், கால் வலி நிக்கல

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கால் கட்டைவிரல் செவந்து வீங்கி, போர்வை பட்டாகூட உயிர் போற வலி. டெஸ்ட்ல ரத்தத்துல யூரிக் ஆசிட் 8.9, அது அதிகமாகி மூட்டுல படிகமா படியுற கவுட் நோய்னு சொன்னாங்க.

தெரிஞ்சவங்க எல்லாரும் பருப்புதான் காரணம்னு சொன்னதால சாம்பார், சுண்டல் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை ஆட்டு ஈரல் வறுவல், வாரத்துல மூணு நாள் நெத்திலி கருவாடு, அது பாட்டுக்கு ஓடிச்சு. மூணு மாசத்துல மறுபடியும் அதே விரல்.

அப்புறம்தான் வேற டாக்டர் ஒருத்தர் பொறுமையா விளக்கினாரு. சாப்பாட்டுல இருக்கிற பியூரின்ங்கிற பொருள் உடம்புல உடைஞ்சுதான் யூரிக் ஆசிட் ஆகுது, ஈரல்லயும் நெத்திலி, மத்தி மாதிரி மீன்லயும் அது ரொம்ப அதிகம், கருவாடுன்னா தண்ணி வத்திப்போனதால ஒரு கைப்பிடியிலயே இன்னும் ஜாஸ்தி. பருப்புல நடுத்தரம்தான், அதுவும் வேக வெச்சா தண்ணி சேந்து ஒரு கரண்டிக்கு கொஞ்சமாதான் வரும். 2004ல வந்த அமெரிக்க ஆய்வுல 47,000 ஆம்பளைங்கள 12 வருஷம் பாத்ததுல, கறி, மீன் நெறைய சாப்பிட்டவங்களுக்குதான் கவுட் கூடுச்சு, பியூரின் உள்ள காய்கறி, பயறுனால கூடலயாம்.

ஈரல், கருவாட்ட நிறுத்திட்டு பருப்ப திரும்ப ஆரம்பிச்சேன், மூணு மாசத்துல 7.8. சாப்பாட்டால அவ்வளவுதான் குறையும், 6க்கு கீழ போனாத்தான் மூட்டுல படிஞ்ச படிகம் கரையும்னு யூரிக் ஆசிட்ட குறைக்கிற அலோப்யூரினால் மாத்திரை குடுத்தாரு. இப்ப 5.6, தினமும் சாம்பார் சாப்பிடுறேன்.