சான்றிதழ் இருக்கிறது, ஆனால் எந்த வண்டிக்கு?

சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளின் வாசலில், ஊத்துக்கோட்டையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வேலை தேடி வரும் ஆபரேட்டர்களைக் காலை நேரத்தில் பார்க்கலாம். அங்கே சில ஆண்டுகளாக ஃபோர்க்லிஃப்ட் செய்முறைத் தேர்வு எடுத்து வருகிறேன். திருப்பி அனுப்பப்படுபவர்களில் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் குறைவு. கொண்டு வந்த காகிதம் அன்றைய வண்டிக்குப் பொருந்தாமல் போனவர்களே அதிகம்.

'ஹெவி எக்யூப்மென்ட் ஆபரேட்டர்' என்று மட்டும் அச்சிட்ட சான்றிதழ் எல்லா வண்டிக்கும் செல்லும் என்று நம்புவது முதல் தவறு. பின்பக்கம் எதிர்எடை கொண்ட 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட்டில் தேறியவருக்கு, பக்கவாட்டில் அமர்ந்து ஓட்டும் ரீச் டிரக் முற்றிலும் வேறு வண்டி. ஆகவே வண்டியின் வகை, தூக்கும் திறன், தேர்வு நடந்த தேதி, தேர்வு எடுத்தவரின் பெயர் ஆகிய நான்கையும் மேலாளர் தேடுவார். 'ஓஷா கார்டு' என்று சிலர் பெருமையாக நீட்டுவதுண்டு. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா எந்த ஆபரேட்டருக்கும் ஃபோர்க்லிஃப்ட் அட்டை கொடுப்பதில்லை. பயிற்சி தந்து, பணியிடத்தில் சோதித்து, சான்றளிக்கும் பொறுப்பை அது முதலாளியிடமே விட்டிருக்கிறது. LMV என்று அச்சிட்ட ஓட்டுநர் உரிமமும் ஃபோர்க்கை எப்படிக் கையாள்வார் என்பதற்குச் சான்றாகாது.

அடுத்த தவறு செய்முறைத் தேர்வில் வெளிப்படுகிறது. அண்மையில் ஓர் இளைஞர் வந்தார். அவருடைய சான்றிதழில் குறையில்லை, வண்டியையும் நிதானமாகவே ஓட்டினார். 2 மீட்டர் நீளமும் 2.3 டன் எடையும் கொண்ட மரப்பெட்டி ஒன்றைக் காட்டி, "தம்பி, இத எடுக்கலாமா?" என்று கேட்டேன். பெட்டியின் நீளவாக்கில்தான் ஃபோர்க் நுழைய முடியும். "மூணு டன் வண்டி சார், தாராளமா எடுக்கலாம்" என்றார். வண்டியில் ஒட்டியிருந்த திறன் தகட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தத் தகட்டில் 3000 கிலோ என்பதற்குப் பக்கத்திலேயே 500 மி.மீ. என்றும் இருந்தது. சுமையின் எடைமையம், ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து 50 செ.மீ.க்குள் இருந்தால்தான் 3 டன் என்பது அதன் பொருள். எடை சீராகப் பரவிய 2 மீட்டர் பெட்டியில் அந்த மையம் 100 செ.மீ. தள்ளி அமைகிறது. முன்அச்சுக்கும் ஃபோர்க் முகத்துக்கும் இடையே 48 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 3000-ஐ 48-உம் 50-உம் சேர்ந்த 98-ஆல் பெருக்கி, 48-உம் 100-உம் சேர்ந்த 148-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 1986 கிலோ வருகிறது. பெட்டியோ அதைவிட 300 கிலோவுக்கு மேல் கூடுதல். இது தோராயக் கணக்குதான். அந்த வண்டியின் தகடோ லோடு சார்ட்டோ சொல்வதே முடிவானது, மாஸ்ட்டை உயர்த்தினால் அனுமதி இன்னும் குறையலாம். அளவு மீறிய சுமையை எடுக்கும்போது பின்சக்கரங்கள் லேசாகும். இந்த வண்டியில் திருப்புவது பின்சக்கரங்கள் என்பதால், ஸ்டீயரிங் பிடிமானம் இழப்பதே முதல் எச்சரிக்கை. அந்த நிலைக்கு வந்தபின் யோசிப்பதற்குள் வண்டி முன்பக்கம் கவிழ்ந்துவிடலாம்.

சரிவுப் பாதையிலும் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். சுமையோடு ஏறினாலும் இறங்கினாலும் சுமை மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும், அதாவது இறங்கும்போது பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். நேராக இறங்கினால் அந்தத் தேர்வை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

கிரேன் விஷயத்தில் குழப்பம் வேறு. கிரேனுக்கு உரிய சோதனை அறிக்கையைத் தன் சான்றிதழ் போல ஆபரேட்டர் நீட்டுவார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 29-இல், தகுதி பெற்ற நபர் தூக்கும் இயந்திரத்தை 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று சொன்னது. அது இயந்திரத்துக்கான காகிதம். அதை இயக்குபவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 14 டன் ஹைட்ரா கிரேனை ஓட்டியதாகச் சொல்பவரிடம், அதன் தூக்கும் கையான பூமை நீட்டிய நிலையில் எத்தனை டன் என்று மேலாளர் கேட்பதும் இதனால்தான். 14 டன் என்பது பூம் சுருங்கி, சுமை மிக அருகில் இருக்கும் நிலைக்கு மட்டுமே உரியது. மற்ற தூரங்களுக்கு லோடு சார்ட்டைப் படித்துக் காட்ட வேண்டும், மனப்பாடம் வேண்டியதில்லை.

ஆபரேட்டர்கள் பொதுவாகக் கேட்டு வாங்க மறக்கும் காகிதம், முன்பு வேலை பார்த்த இடத்தின் கடிதம். எந்த வகை வண்டி, எத்தனை டன், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று குறிப்பிட்டு, மேலாளர் கையொப்பமும் தொடர்பு எண்ணும் இருந்தால், அந்த எண்ணை அழைத்து உறுதிசெய்துகொள்ளலாம். மரப்பெட்டி இளைஞர் மறு வாரம் அப்படியொரு கடிதத்தோடு வந்தார். வண்டியில் ஏறுவதற்கு முன்பே தகட்டைத் துடைத்துப் படித்தார்.