இரண்டு படிவம் 16, பாக்கி 33,800: ஆண்டு முடிவில் வரிக்கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

2024 அக்டோபரில் நாகர்கோவில் வேலையை விட்டுத் திருவனந்தபுரத்தில் சேர்ந்தேன். இரண்டு இடத்திலும் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கவில்லை. அதனால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்றே 2025 ஜூலை வரை இருந்துவிட்டேன்.

முதலில் வருமானவரித் தளத்தில் 26AS-ஐ இறக்கி, பிடித்த வரி எவ்வளவு என்று பாருங்கள். எனக்குப் பூஜ்யம். அப்புறம் இரண்டு படிவம் 16-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். பழைய இடத்தில் ஆறு மாதச் சம்பளம் 3,60,000, புதிய இடத்தில் 5,40,000. இரண்டு நிறுவனமும் தன் பங்கை மட்டும் பார்த்து, ஆளுக்கு 75,000 நிலையான கழிவு கொடுத்து, 7 லட்சத்துக்குள்தானே என்று வரித் தள்ளுபடியும் கொடுத்துவிட்டன. ஆனால் கழிவு வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான். ஆகவே கழிவு போக நிற்கும் தொகைகளைக் கூட்டாதீர்கள். மொத்தச் சம்பளங்களைக் கூட்டி, கடைசியில் ஒரு தடவை கழியுங்கள்.

```
3,60,000 + 5,40,000 = 9,00,000
9,00,000 - 75,000   = 8,25,000
3 - 7 லட்சம், 5%      = 20,000
மீதி 1,25,000, 10%   = 12,500
4% செஸ்             = 1,300
மொத்தம்             = 33,800
```

இது 2024-25 நிதியாண்டின் புதிய வரிமுறைக் கணக்கு. 7 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போய்விட்டது. பாக்கி 10,000-க்கு மேல் என்பதால் ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு 1% வட்டி, ஜூலை வரை 1,352. வருடத்துக்குள்ளேயே கட்ட வேண்டிய முன்வரித் தவணைகளைத் தவறவிட்டதற்கு இன்னொரு 1,703.

பணத்தை `e-Pay Tax`-இல் கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்றும், வகை `Self Assessment Tax (300)` என்றும் தேர்ந்தெடுங்கள். 100 என்பது முன்வரி. கட்டியது 26AS-இல் ஏறச் சில நாள் ஆகலாம். காத்திருக்க வேண்டாம், சலானில் உள்ள பிஎஸ்ஆர் எண், தேதி, வரிசை எண்ணை வரித்தாக்கல் படிவத்தில் கையால் நிரப்பிவிடலாம். கணக்குப் போட எனக்குக் கைபேசிச் செயலிகளை விட ஒரு நோட்டுப் புத்தகமே பிடிக்கும். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று அதில் தெரியும்.

பின்சேர்க்கை: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். அவர் அப்பாவுக்கு ஓய்வூதியமும் வட்டியும் சேர்த்து 6 லட்சம். வைப்பு வட்டி 80,000-இல் வங்கி 8,000 பிடித்துவிட்டது. தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் என்பதால் அந்த 8,000 முழுவதும் திரும்ப வரும், ஆனால் தாக்கல் செய்தால்தான். வங்கிக் கணக்கையும் தளத்தில் முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். நம்மூரில் பாஸ்புத்தகத்தில் இனிஷியலும் பான் அட்டையில் அப்பா பெயர் முழுவதுமாகவும் இருப்பது சகஜம். அக்காவின் அப்பாவுக்கு அந்தச் சரிபார்ப்பு நிராகரிக்கப்பட்டது இதனால்தான்.

வேலை மாறுகிறவர்கள் சேர்ந்த மாதமே படிவம் 12பி-யில் பழைய சம்பளத்தை எழுதி, புதிய நிறுவனத்திடம் கொடுங்கள். 2025-26 நிதியாண்டில் தள்ளுபடி வரம்பு 12 லட்சமாகிவிட்டதால், இரண்டு இடத்திலும் பூஜ்யம் பிடித்து மொத்தத்தில் பெரிய பாக்கி நிற்க இன்னும் வாய்ப்பு அதிகம்.