மெட்ரோ வரைபட ஸ்கிரீன்ஷாட்டில் வழி தேடும்போது செய்யும் தவறுகள்

அக்கா மகன் லண்டனில் இறங்கிய அன்று எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அந்த ஊர் மெட்ரோ வரைபடம். பேடிங்டன் என்ற நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம், பாண்ட் ஸ்ட்ரீட்டைச் சுற்றி இன்னொரு வட்டம். "மாமா, எங்க மாறணும்னு பாத்துச் சொல்லுங்க." கீழே அவனே ஒரு வழியும் எழுதியிருந்தான்: நாட்டிங் ஹில் கேட் போய், அங்கே மாறி, சிவப்பு நிற சென்ட்ரல் லைனில் பாண்ட் ஸ்ட்ரீட். ஒரே ஒரு மாற்றம்தான், போய்ச் சேர்ந்தும் விடலாம். ஆனால் அது நல்ல வழி இல்லை. அதை அவன் ஏன் தேர்ந்தெடுத்தான் என்று பார்த்தால், எந்த ஊர் மெட்ரோ படத்தை எடுத்தாலும் நாம் செய்யும் தவறுகள் பாதிக்கு மேல் அதிலேயே இருக்கின்றன.

## கோட்டின் நீளத்தைத் தூரம் என்று நம்புவது

இன்று பெரும்பாலான மெட்ரோக்கள் பின்பற்றும் படப் பாணி, ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் லண்டனுக்காக வரைந்து, 1933-இல் அச்சாகி மக்கள் கைக்கு வந்தது. அவர் மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகியவர். எது எதோடு இணைகிறது என்பது தெரிந்தால் பயணிக்குப் போதும் என்று முடிவு செய்து, எல்லாப் பாதைகளையும் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, சாய்கோடு என்று நேராக்கினார். நகரத்தின் நடுப்பகுதியை விரித்தார், புறநகரைச் சுருக்கினார். படிக்க அவ்வளவு எளிதாக இருப்பதற்குக் காரணமே இதுதான். ஆனால் தூரம் அந்தப் படத்தை விட்டுப் போய்விட்டது.

எவ்வளவு போய்விட்டது என்பதற்கு ஒரு கணக்கு. லெஸ்டர் ஸ்கொயரும் கோவென்ட் கார்டனும் அடுத்தடுத்த நிலையங்கள், இடையே சுமார் 260 மீட்டர். அதே மெட்ரோவில் செஷாமுக்கும் அதற்கு அடுத்த நிலையத்துக்கும் இடையே 6 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ இருபத்து நாலு மடங்கு வித்தியாசம். படத்தில் அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அக்கா மகன் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். பாண்ட் ஸ்ட்ரீட் பேடிங்டனுக்குக் கிழக்கில் இருக்கிறது. நாட்டிங் ஹில் கேட் தென்மேற்கில். அவன் வழியில் போனால் முதலில் எதிர்ப்பக்கம் போய், பிறகு மொத்தத்தையும் திரும்ப வர வேண்டும். படத்தில் அந்த வளைவு சின்னதாக, அழகாக, சரியான வழி போலத் தெரிகிறது.

## விரலை வைத்து நிலையம் நிலையமாக நகர்வது

புறப்படும் இடத்தில் விரலை வைத்து, போக வேண்டிய திசையில் நகர்த்திக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்வது. முதலில் கண்ணில் படும் வழியோடு தேடல் நின்றுவிடும். அது குறைந்த மாற்றமுள்ள வழியா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் மற்றவற்றைப் பார்க்கவே இல்லை.

இதற்கு வேறு முறை உண்டு. நிலையங்களை மறந்துவிட்டு லைன்களை எழுதுங்கள். புறப்படும் நிலையத்தைத் தொடும் லைன்கள் ஒரு பக்கம், சேரும் நிலையத்தைத் தொடும் லைன்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே பெயர் இருந்தால் மாறவே தேவையில்லை. இல்லாவிட்டால், இந்தப் பக்கத்து லைன் ஒன்றும் அந்தப் பக்கத்து லைன் ஒன்றும் சந்திக்கும் நிலையத்தைத் தேடுங்கள். கிடைத்தால் ஒரு மாற்றம். ஒன்றுமே கிடைக்காதபோதுதான் நடுவில் மூன்றாவது லைன். இந்த வரிசையில் போனால் குறைந்த மாற்றமுள்ள வழி தப்பவே தப்பாது.

அவன் அனுப்பிய படத்தில் பேடிங்டனைத் தொட்டவை பேக்கர்லூ, சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட், ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி. பாண்ட் ஸ்ட்ரீட்டைத் தொட்டவை சென்ட்ரல், ஜூபிலி. பொதுவாக ஒன்றும் இல்லை. சரி, சந்திக்கும் இடங்கள்?

பேக்கர்லூவும் ஜூபிலியும் பேக்கர் ஸ்ட்ரீட்டில் சந்திக்கின்றன. அங்கே வரை மூன்று நிலையம், மாறினால் அடுத்ததே பாண்ட் ஸ்ட்ரீட், ஆக நான்கு. (இவை வாட்டர்லூவிலும் சந்திக்கின்றன, ஆனால் அது பாண்ட் ஸ்ட்ரீட்டைத் தாண்டிப் போய்த் திரும்புவது.) பேக்கர்லூவும் சென்ட்ரலும் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் சந்திக்கின்றன, ஐந்தும் ஒன்றும் ஆறு. சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட் வழியாக நாட்டிங் ஹில் கேட் போனால் இரண்டும் நான்கும் ஆறு. ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டியிலும் பேக்கர் ஸ்ட்ரீட் போகலாம், இரண்டும் ஒன்றும் மூன்று.

ரொம்பச் சுற்றாமல், ஒரே மாற்றத்தில் நான்கு வழிகள். விரல் இதில் ஒன்றைத்தான் காட்டியது, அதுவும் ஆறு நிலையம் உள்ள ஒன்றை.

## பெயரையும் வட்டத்தையும் அவசரமாகப் படிப்பது

மூன்று நிலையம்தானே குறைவு, அதையே சொல்லிவிடலாமா? அந்த இடத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

பேடிங்டன் படத்தில் ஒரே வட்டம் இல்லை. இணைப்புக்கோடு போட்ட தனித்தனி வட்டங்கள். அந்தச் சின்ன இணைப்புக்கோடு, "இங்கே நடக்க வேண்டும்" என்று அர்த்தம். ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி பிளாட்பாரம் பெரிய ரயில் நிலையத்தின் மறுகோடியில் இருக்கிறது. மஞ்சள் நிற சர்க்கிள் லைன் இரண்டு வட்டங்களையும் தொடுகிறது, அதுதான் சிக்கல். தவறான பக்கத்துப் பிளாட்பாரத்தில் சர்க்கிள் ரயில் ஏறினால், அது அடுத்த நிலையமான எட்ஜ்வேர் ரோடோடு முடிந்துவிடும். பேக்கர் ஸ்ட்ரீட் போக அங்கே இன்னொரு ரயிலுக்கு மாற வேண்டும். ஒரு மாற்றம் என்று நினைத்தது இரண்டாகிவிட்டது.

அப்புறம் அந்த எட்ஜ்வேர் ரோடு. படத்தில் அந்தப் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். பேக்கர்லூவில் ஒன்று, சர்க்கிள் பக்கம் ஒன்று. இரண்டும் தனித்தனி நிலையங்கள், உள்ளுக்குள் இணைப்பு கிடையாது. ஒரே பெயர் என்பதால் அங்கே மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தால் வெளியே தெருவுக்கு வந்து நடக்க வேண்டியதுதான்.

கோடுகள் குறுக்கிடும் இடத்துக்கும் இதே எச்சரிக்கைதான். இரண்டு லைன்கள் ஒன்றின் மேல் ஒன்று போவதால் மட்டும் அங்கே மாற முடியாது. வட்டமோ, அந்தப் படம் மாறும் நிலையத்துக்கு வைத்திருக்கும் வேறு குறியோ இருக்க வேண்டும். ஒரே நிறத்தில் இருப்பதெல்லாம் ஒரே ரயில் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. லண்டனின் கறுப்பு நிற நார்தர்ன் லைன் நகர நடுவில் இரண்டு கிளையாகப் போகிறது. நிறத்தைப் பார்த்து ஏறியவர் வேறு கிளையில் போய் நிற்பார்.

## நிலையங்களை மட்டும் எண்ணுவது

சரியான பிளாட்பாரத்துக்கே போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்று நிலைய வழியா, நான்கு நிலைய வழியா?

இரண்டும் பேக்கர் ஸ்ட்ரீட்டில்தான் மாறுகின்றன. படத்தில் இரண்டுக்கும் ஒரே குறிதான். உள்ளே நிலைமை வேறு. பேக்கர்லூவும் ஜூபிலியும் அங்கே ஒரே பிளாட்பாரத்தின் இரண்டு பக்கம். இறங்கி, சில அடி குறுக்கே நடந்தால், அதே திசையில் போகும் ஜூபிலி ரயில். ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டியோ மேல்மட்டத்தில் வருகிறது. அங்கே இறங்கினால் வழிகளில் நடந்து, எஸ்கலேட்டரில் ஆழத்துக்குப் போக வேண்டும்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். நகர நடுவில் நிலையத்துக்கு நிலையம் 2 நிமிடம், அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க 2 நிமிடம். நான்கு நிலைய வழிக்கு 8-உம் 2-உம் சேர்ந்து 10. மூன்று நிலைய வழிக்கு 6, காத்திருக்க 2, நடக்க ஒரு 4, ஆக 12. இதில் பேடிங்டனின் மறுகோடிக்கு நடந்த நேரம் சேரவில்லை. நாட்டிங் ஹில் கேட் வழிக்குப் பயணமே 12, அதன் மேல்தான் மாறும் நேரம்.

எந்த ஊரிலும் இதே கூட்டல் பயன்படும். மாறும் நிலையம் தெரியாத இடமாக இருந்தால் ஒரு மாற்றத்துக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வேன், அதாவது இரண்டு, மூன்று நிலையங்களுக்குச் சமம். மாற்றத்தைக் குறைக்க அதிகமாகச் சுற்றினால், எட்டு நிலையம் கூடும்போது அது லாபமில்லை. ரயில் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வரும் நேரத்தில் காத்திருப்பே சராசரி 5 நிமிடம் ஆகிவிடும், அப்போது மாற்றத்தின் விலை இன்னும் கூடும்.

## ஸ்கிரீன்ஷாட்டையே சந்தேகிக்காமல் விடுவது

பேக்கர்லூவில் பேக்கர் ஸ்ட்ரீட், அங்கே ஜூபிலி என்று பதில் எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஒரு விஷயம் உறுத்தியது. படத்தில் நிறக்குறிப்புப் பட்டியல் இல்லை. பாண்ட் ஸ்ட்ரீட்டும் பேடிங்டனும் பெரிதாகத் தெரியட்டும் என்று ஓரங்களை வெட்டியிருந்தான். அந்த ஓரத்தில்தான் படத்தின் தேதி இருக்கும், நிலையத்தின் பக்கத்தில் போட்ட சின்னக் குறிகளுக்கு விளக்கமும் அங்கேதான் இருக்கும்.

படம் பல கை மாறி வந்ததால் மங்கியும் இருந்தது. மங்கிய படத்தில் நிறங்களை நம்பவே முடியாது. ஜூபிலியின் சாம்பல் நிறம், கட்டண மண்டலத்தைக் காட்டும் சாம்பல் பின்னணியோடு கரைந்துபோகும். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கி வைத்திருந்தால் பழுப்பும் சிவப்பும் நெருங்கிவிடும். அதனால் நிறத்தை வைத்து மட்டும் லைனை முடிவு செய்யாமல், அந்தக் கோட்டைக் கடைசி நிலையம் வரை தொடர்ந்து போய் அதன் பெயரைப் படியுங்கள். பிளாட்பாரப் பலகையில் திசை காட்டவும் பெரும்பாலும் அந்தக் கடைசி நிலையத்தின் பெயரைத்தான் போடுவார்கள், இரண்டுக்கும் உதவும்.

"இந்தப் படம் உனக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டேன். அங்கே முன்பு படித்த நண்பன் போனில் வைத்திருந்ததாம், 2021-இல் எடுத்தது.

அதற்குப் பிறகுதான் எலிசபெத் என்ற புது லைனின் நடுப்பகுதி 2022 மே 24 அன்று திறந்தது. பேடிங்டனில் இருந்து கிழக்கே போகிறது. ஆனால் அன்று பாண்ட் ஸ்ட்ரீட் தயாராகவில்லை. ஐந்து மாதம் ரயில்கள் அங்கே நிற்காமலே போயின, அந்த நிலையம் அக்டோபர் 24 அன்றுதான் சேர்ந்தது. 2022 கோடைகாலத்துப் படம் கையில் இருந்திருந்தால்கூட எங்களுக்குச் சரியான விடை கிடைத்திருக்காது.

மெட்ரோவின் சொந்தத் தளத்தில் இருந்து புதிய படத்தை எடுத்து, லைன்களை மறுபடி எழுதினேன். இப்போது இரண்டு பக்கமும் ஊதா நிற இரட்டைக்கோடு, எலிசபெத். பேடிங்டனில் ஏறினால் அடுத்த நிலையமே பாண்ட் ஸ்ட்ரீட். பழைய பதிலை அழித்துவிட்டு, "எலிசபெத் லைன், கிழக்கே போகும் ரயில், முதல் நிறுத்தத்தில் இறங்கு" என்று அனுப்பினேன்.